அஷ்டமியில் வந்த ஃபிரிட்ஜும் அம்மன் கோயில் கடிகாரமும்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட ஒருத்தியைக் கொண்டுபோய் மலேசியாவின் ஈப்போவில் ஒரு பேங்கின் கிரெடிட் கார்டு கவுண்டரில் உட்காரவைத்தார்கள். எண்பதுகளின் கடைசி. கார்டு என்றாலே பெரிய மனிதர்கள் வைத்திருப்பது என்ற காலம் போய், சம்பளக்காரர்கள் கைக்கும் வந்துவிட்டிருந்தது. கார்டில் வாங்கினால் ரிங்கிட்டுக்கு ஒரு புள்ளி என்று எங்கள் பேங்க் புதிதாக ஆரம்பித்திருந்தது. கூடவே, இன்று கேஷ்பேக் என்கிறார்களே, அந்த மாதிரி ஒரு சிறு தொகையும் மாதக் கணக்கில் வரவு வைப்பார்கள். அதை நாங்கள் ரிபேட் என்போம். புள்ளி சேர்ந்தால் பரிசுப் புத்தகத்தைப் பார்த்துப் பொருள் வாங்கலாம்.

என் அக்கா வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு கார்டு இருந்தது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் ஒரு கல் குவாரியில் சூப்பர்வைசராக இருந்தவர். கார்டு வந்த நாளிலிருந்து அவர் பெட்ரோல் போடுவதே ஒரு திருவிழா. நண்பர்களின் மோட்டார் சைக்கிளுக்கும் தன் கார்டைத் தேய்த்துவிட்டு, அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். "புள்ளி நமக்கு லா" என்று கண்ணடிப்பார். அப்படியே கொஞ்சம் புள்ளி சேர்ந்திருந்தது.

பரிசுப் புத்தகத்தில் அவர் கண் வைத்தது ஒரே ஒரு பொருள்மேல்தான். ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு சுவர்க் கடிகாரம், ஊசல் ஆடும், மணிக்கு மணி டிங்டாங் என்று அடிக்கும். வீட்டுக்கு அல்ல, பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு. அந்த ஆண்டுத் தீமிதிக்கு அதை உபயமாகக் கொடுப்பதாகக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

ஏன் சொன்னார்? கமிட்டிச் செயலாளர் அவருடைய பங்காளி. முந்தைய ஆண்டு அந்தப் பங்காளி கோயிலுக்கு டியூப் லைட் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு லைட்டிலும் 'உபயம்' என்று போட்டுத் தன் பெயரையும் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் எழுதியதில், எழுத்துப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் வெளிச்சம் வந்தது. அந்த அரையிருட்டில் நின்று சாமி கும்பிட்ட மாமாவுக்கு வயிறு எரிந்தது. "அவன் லைட்டுல அவன் பேரு மட்டும்தான் தெரியுது. நான் குடுக்கிற கடிகாரம் மணிக்கு மணி பேசும்" என்றார்.

கடிகாரத்துக்கு வேண்டிய புள்ளி அவரிடம் இருந்ததைப் போலப் பல மடங்கு. இதைச் சொன்னேன். "சேர்ந்துடும் பாப்பா" என்றார். எனக்கு அப்போதே எரிச்சலாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார். எங்கள் பேங்குக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சீன அண்ணன் நடத்திய மின்சாமான் கடை. கார்டை இரும்பு மெஷினில் வைத்துக் 'கிறுக்' என்று இழுத்து, கார்பன் சீட்டில் கையெழுத்துப் போட்டு, லாரியில் ஏற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அக்கா தினசரிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அஷ்டமி.

"அஷ்டமியில வந்தது வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள்.

"இது ஐஸ்பெட்டிடி! இதுக்கு என்ன அஷ்டமி நவமி?"

"அஷ்டமியில வாங்கின மிக்ஸி என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

மாமாவுக்கு ஞாபகம் இருந்தது. ஃபிரிட்ஜ் ஒரு ராத்திரி போர்ச்சில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்துவிட்டு, மறுநாள் கடைக்கே திரும்பியது. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, பணம் திரும்பக் கார்டுக்குப் போகும் சீட்டைப் போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் அதே ஃபிரிட்ஜை அதே கார்டில் மறுபடி வாங்கினார்கள். இந்த முறை அக்கா ஆரத்தி எடுத்தாள்.

மாதக் கணக்குத் தாள் வந்ததும் மாமா மதிய இடைவேளையில் என் கவுண்டருக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"பாப்பா, ஒரு ஃபிரிட்ஜுக்கு ரெண்டு தடவை புள்ளி ஏறியிருக்கு! ரிபேட்டும் ரெண்டு தடவை!"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். "மாமா, நீங்க திருப்பிக் குடுத்த சீட்டு இன்னும் எங்ககிட்ட வந்து சேரல. வந்ததும் அந்தப் புள்ளி கழிஞ்சிடும்."

"வாங்கின சீட்டு ரெண்டும் வந்துடுச்சு, நடுவுல திருப்பின சீட்டு மட்டும் வரலியா? யார்கிட்ட கதை விடுற?"

நியாயமான கேள்வி. ஆனால் பதிலும் இருந்தது. கடைக்காரர் கார்டை இழுத்த உடனே புள்ளி ஏறிவிடாது. அந்தச் சீட்டு பேங்குக்கு வந்து, கணக்கில் பதிந்தால்தான் ஏறும். விற்ற சீட்டைக் கடைக்காரர் ஓடோடி வந்து கட்டுவார், அவருக்குப் பணம் வரவேண்டும் அல்லவா. திருப்பிய சீட்டில் அவர் பணம் வெளியே போகிறது. அது மேசை டிராயரில் படுத்துத் தூங்கிவிட்டு, ஆடி அசைந்துதான் வரும். நடுவில் மாதக் கணக்கை முடித்துவிட்டால், வாங்கியது மட்டும் தாளில் தெரியும். திருப்பியது அடுத்த தாளில் மைனஸ் போட்டு வரும்.

இதையெல்லாம் சொன்னேன். கை ஆட்டி, பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். மாமா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ பேங்க் ஆளு. பேங்குக்குத்தான் பேசுவ" என்றார். தாளின் அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டி, "இது என்ன புள்ளி? இதையும் கூட்டிக்கிட்டேன்" என்றார்.

அது காலாவதி வரி. 'இந்தத் தேதியோடு காலாவதியாகும் புள்ளி இவ்வளவு' என்று போட்டிருக்கும்.

"ஐயோ மாமா, அது தனிப் புள்ளி இல்ல. மேல இருக்கிற மொத்தத்துக்குள்ளதான் அதுவும் இருக்கு. உங்க பழைய பெட்ரோல் புள்ளி. அடுத்த மாசக் கடைசிக்குள்ள எடுக்கலைன்னா அது செத்துப்போயிடும்."

அவர் நெஞ்சில் கை வைத்தார். "எல்லாமே சாவுமா?"

"இல்ல. அந்தக் கட்டு மட்டும். புதுசுக்கு இன்னும் ஆயுசு இருக்கு. பரிசு எடுத்தா பழசுலதான் முதல்ல கழிப்போம்."

"அப்ப சீக்கிரம் கடிகாரத்தை எடுக்கணும்" என்று எழுந்தார். நான் சொன்ன எல்லாவற்றிலும் அவர் காதில் ஏறியது இது ஒன்றுதான். போகிற வழியில், வந்திருந்த ரிபேட்டைக் கொண்டாடக் குவாரி ஆட்களுக்கெல்லாம் தே தாரேக் டீயும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகுதான் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது ஹாலில் ஒரு டிவிப் பெட்டி இருந்தது. பெட்டி என்றால் அட்டைப்பெட்டி, ஒட்டிய டேப்கூடப் பிரிக்காதது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே அச்சடித்திருந்த டிவிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் பிரிக்கல?" என்றேன்.

"பிரிச்சா கடையில திருப்பி எடுக்க மாட்டான்" என்றாள் அக்கா. அவள் குரலில் சலிப்பு இருந்தது. "நாளைக்குத் திருப்பணுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷர் கண்டுபிடித்த வித்தை இதுதான்: வாங்கு, புள்ளி ஏறும். திருப்பு, பணம் வந்துவிடும். புள்ளி நிற்கும். மறுபடி வாங்கு. காசே செலவில்லாமல் அம்மனுக்குக் கடிகாரம்!

மூன்று முறை டிவி வந்து மூன்று முறை போனது. முதல் முறை கடையில் நவமி என்றார். இரண்டாம் முறை வண்டியில் ஏற்றியது ராகு காலம் என்றார். மூன்றாம் முறை, பெட்டி தெற்கே பார்த்து வந்தது என்றார். சீன அண்ணன் நல்ல மனிதர், அந்தத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்து கொஞ்சம் தமிழும் பேசுவார். நான்காம் முறை மாமா உள்ளே நுழைந்தபோது கல்லாவுக்கு மேலே புத்தம் புதிய தமிழ்த் தினசரிக் காலண்டர் தொங்கியது.

"அண்ணே, இன்னிக்கு நல்ல நாள். நான் பார்த்தாச்சு. ராகு காலமும் இல்ல. பெட்டி எந்தப் பக்கம் பார்க்கணும், இப்பவே சொல்லு லா."

மாமா விடவில்லை. கார்டை நீட்டினார். பெரிய தொகைக்குக் கடையிலிருந்து பேங்குக்குப் போன் போட்டு அனுமதி கேட்கவேண்டும். கேட்டார்கள், கிடைக்கவில்லை. திருப்பிய சீட்டுகள் எதுவும் பதியாததால், மூன்று டிவியும் இன்னும் அவர் கணக்கில்தான் நின்றன. கார்டின் எல்லை நிரம்பிவிட்டது. அன்றைக்குத்தான் நிறுத்தினார். இல்லையென்றால் அந்த டிவி ஈப்போவின் எல்லா முச்சந்தியையும் பார்த்திருக்கும்.

அந்த மாதத் தாள் வந்தது. ஃபிரிட்ஜுக்கு ஒரு மைனஸ் வரி, நான் சொன்னபடியே. ஆனால் அதற்குக் கீழே மூன்று டிவிக்கான புள்ளி. மாமா மொத்தத்தை மட்டும் பார்த்தார். கடிகாரத்துக்குப் போதுமான புள்ளி! விண்ணப்பத்தை எழுதித் தலைமை அலுவலகத்துக்கே நேராகத் தபாலில் போட்டுவிட்டார், நான் தடுப்பேன் என்று. அன்றே சுங்காய்க்குப் போய்ப் பெயின்டரிடம் உபயப் பலகைக்கும் சொல்லிவிட்டார். கதவு அகலத்துக்குப் பலகை, மஞ்சளில் சிவப்பு எழுத்து. பங்காளியின் டியூப் லைட் எழுத்தைவிட ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக இருக்கவேண்டும் என்று கட்டளை.

விண்ணப்பம் கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று டிவிச் சீட்டுகளும் டிராயரிலிருந்து எழுந்து வந்து கணக்கில் பதிந்துவிட்டன. பரிசு கொடுக்கும்போது தாளில் இருக்கிற புள்ளியைப் பார்க்க மாட்டார்கள், அன்றைக்குக் கணக்கில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். 'புள்ளி போதவில்லை' என்று விண்ணப்பம் திரும்பி என் மேசைக்கு வந்தது. என் அதிகாரி அதை நீட்டி, "இந்த மூன்று டிவிக்காரர் உனக்குத் தெரிந்தவரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்குள் எனக்குக் காது சிவந்துவிட்டது.

மாமாவைக் கூப்பிட்டு, பச்சை எழுத்து மின்னும் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஏறியது, கழிந்தது. ஏறியது, கழிந்தது.

"பேங்க்காரன் திருடிட்டான்" என்றார்.

"பொருளே உங்ககிட்ட இல்ல, புள்ளி மட்டும் எப்படி இருக்கும்? ரிபேட்டும் அப்படித்தான். அடுத்த கணக்குல திரும்ப எடுத்துக்குவாங்க."

"அது டீ குடிச்சாச்சே!"

"குடிச்ச டீக்கும் மைனஸ்தான் மாமா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "பலகை எழுதியாச்சு பாப்பா. பங்காளி மைக்குல சொல்லியாச்சு. தோட்டத்தை விட்டுப் பாதிப் பேரு போயிட்டாங்க, மிச்சம் இருக்கிற பாதிப் பேரு முன்னாடி நான் எப்படிப் போய் நிப்பேன்?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு போய்விட்டது. கிறுக்கு மனுஷர்தான். ஆனால் எங்கள் கிறுக்கு மனுஷர். கடையில் காசு கொடுத்து அப்படி ஒரு கடிகாரம் வாங்க அந்த வீட்டில் யாரிடமும் வழி இல்லை.

"ஃபிரிட்ஜ் உங்க வீட்டுலதான் இருக்கு. அதோட புள்ளி ஒரு தடவைக்கு உண்டு. பழைய பெட்ரோல் புள்ளியும் அப்படியே இருக்கு, திருப்பின சாமானுக்கு அதுல கை வைக்கல. ரெண்டும் சேர்ந்தா..." என்று கண்ணாடி அலமாரியைக் காட்டினேன். சின்னப் பரிசுகள் கவுண்டரிலேயே இருக்கும். அதில் அந்தப் புள்ளிக்குக் கிடைக்கிற கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மணித்தொப்பி வைத்த அலாரம் கடிகாரம். உள்ளங்கையில் அடங்கும்.

மாமா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு கவுண்டர் பக்கமே வரவில்லை. மாதக் கடைசி நெருங்கியது. அந்தத் தேதி தாண்டினால் பழைய கட்டு செத்துவிடும். மிச்சத்துக்கு ஒரு சாவிக்கொத்துதான் கிடைக்கும். வீட்டுக்குப் போன் போட்டால், "படுத்துக்கிட்டு சுவத்தைப் பார்க்கிறாரு" என்றாள் அக்கா. கார்டு அவர் பெயரில். அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

கடைசி நாள். பேங்க் கதவைச் சாத்தப் போகிற நேரம். காவலாளியின் கைக்கு அடியில் புகுந்து அக்கா வந்தாள், ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் மாமாவின் சட்டைக் காலர்.

"போடுங்க கையெழுத்த" என்றாள்.

"இத்தனூண்டு கடிகாரத்தைக் கொண்டுபோய் எப்படிடி..."

"அஷ்டமியில வாங்கினது நீங்க. போடுங்க."

போட்டார். நான் முத்திரை குத்தினேன். கடிகாரத்தைப் பெட்டியோடு அவர் கையில் வைத்தபோது, அவர் அதைத் தேங்காய் முடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தீமிதி அன்று காலையில் நானும் அவர்களோடு காரில் சுங்காய்க்குப் போனேன். கோயில் தூணில் உபயப் பலகை மாட்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயிலின் பெயரே மாமா பெயர்தான் என்று நினைப்பார்கள். அதற்கு அடியில் ஊசல் கடிகாரத்துக்காகப் பெரிய ஆணி அடித்து வைத்திருந்தார்கள். மாமா அலாரம் கடிகாரத்தை எடுத்து, அதன் கைப்பிடியை அந்த ஆணியில் மாட்டினார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"பங்காளி, கடிகாரம் எங்க? இது குட்டியா? தாய் பின்னாடி வருதா?" என்றார் செயலாளர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பங்காளியின் டியூப் லைட்டுகளை எல்லாம் எண்ணெய்க் கொப்பரையில் போடலாம் போலிருந்தது.

சாயங்காலம் பூக்குழி தயார். கரகம் வந்து நின்றுவிட்டது. நல்ல நேரத்தில் முதல் கால் இறங்கவேண்டும். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. செயலாளர் கைக்கடிகாரம் ஒரு நேரம் சொன்னது, பொருளாளர் கடிகாரம் இன்னொன்று. மேளக்காரர் கடிகாரம் போன வாரமே நின்றிருந்தது. விடியலில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணி அடித்த காலத்தில் தோட்டத்துக்கே ஒரு நேரம் இருந்தது. அந்த மணி நின்றபிறகு ஆளுக்கொரு நேரம். "வந்துடுச்சு", "இன்னும் இருக்கு" என்று ஆளுக்கு ஆள் கத்த, மஞ்சள் துணியில் நின்றவர்கள் வெப்பத்தில் தவித்தார்கள்.

அப்போது அலறியது பாருங்கள். கிர்ர்ர்ர்ர் என்று, இரண்டு மணித்தொப்பியும் அதிர, ஆணியில் தொங்கியபடியே அந்தக் குட்டிக் கடிகாரம் துள்ளியது. காலையிலேயே ரேடியோ நேரம் பார்த்து, நல்ல நேரத்துக்கு மாமா அலாரம் வைத்திருக்கிறார். எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை.

"ஆத்தா கூப்பிட்டுட்டா!" என்று ஒரு பெண் கத்தினாள். அவ்வளவுதான், மேளம் வெடித்தது, குலவை எழுந்தது, முதல் கால் இறங்கிவிட்டது. மாமா வாய் பிளந்து நின்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் முடிந்தபின் செயலாளர் தானே சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து அந்தக் கடிகாரத்துக்குப் பொட்டு வைத்தார். பூசாரி அதைக் கேட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பெரட்டு மணி போனதிலிருந்து அவர் எழுந்ததே வெயில் வந்தபிறகுதான். அதற்குப்பின் கோயில் ஒரு நாளும் தாமதமாகத் திறக்கவில்லை என்று பங்காளியே போனில் சொன்னார். பலகை மட்டும் தூணிலேயே, வெறும் ஆணிக்கு மேலே இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது தாப்பா டவுன் தாண்டும்வரை மாமா பாடிக்கொண்டே வந்தார். பிறகு திடீரென்று அமைதியானார். எனக்குப் பயம் வந்தது.

"பாப்பா, ஒரு சந்தேகம். அந்தக் கடிகாரத்தை பேங்க்ல திருப்பிக் குடுத்தா, புள்ளி திரும்ப வருமா?"

"வராது. தேதி தாண்டின புள்ளி தாண்டினதுதான். ஏன், திருப்பப் போறீங்களா?"

"சேச்சே. அது ஆத்தாளுது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சும்மா கேட்டேன். அடுத்த வருஷத்துக்கு ஒரு வாஷிங் மெஷின் பார்த்து வச்சிருக்கேன்" என்றார்.

"கோயிலுக்கா?" என்றேன்.

அக்கா கைப்பையைத் திறந்தாள். அதில் அவருடைய கார்டு இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. கைப்பையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. இன்னிக்கு நவமி" என்றாள்.